கணக்கை மீட்டுத் தருகிறேன் என்பவருக்கு முகத்தை வீடியோ எடுத்து அனுப்பாதீர்கள்

என் தங்கையின் இன்ஸ்டாகிராம் கணக்கு பறிபோனது ஒரு கதை. அதை மீட்டுத் தருகிறேன் என்று வந்தவர் செய்தது அதைவிடப் பெரிய கதை. இந்தப் பதிவு முக்கியமாக அந்த இரண்டாவது ஆளைப் பற்றியது. ஆனால் முதல் கதை தெரியாமல் இரண்டாவது புரியாது.

தங்கைக்கு அவளுடைய கல்லூரித் தோழியின் கணக்கிலிருந்து செய்தி வந்தது. “ஏய், என் அக்கவுண்ட் லாக் ஆயிடுச்சுடி. நம்பகமான ஆள்னு உன் பேரைக் கொடுத்திருக்கேன். உனக்கு ஒரு மெசேஜ் வரும், அதைத் தொடாதே, ஸ்க்ரீன்ஷாட் மட்டும் எடுத்து அனுப்பு.” சொன்னபடியே குறுஞ்செய்தி வந்தது. ig.me என்று தொடங்கும் ஒரு லிங்க். ஸ்க்ரீன்ஷாட் போன சிறிது நேரத்தில் தங்கையே வெளியே தள்ளப்பட்டாள்.

நடந்தது இவ்வளவுதான். தோழியின் கணக்கை ஏற்கெனவே கைப்பற்றியிருந்தவன், உள்நுழையும் திரையில் தங்கையின் பயனர்பெயரைப் போட்டு, கடவுச்சொல் மறந்துவிட்டது என்று அழுத்தியிருக்கிறான். அந்த லிங்க் தங்கையின் கணக்கைத் திறப்பதற்கானது. படத்தில் தெரிந்த முகவரியை அவன் தட்டச்சு செய்தால் போதும். உள்ளே போனதும் கடவுச்சொல், மெயில், போன் எண் மூன்றையும் மாற்றினான். இரண்டடுக்குப் பாதுகாப்பையும் தன் போனில் இருக்கும் செயலியோடு இணைத்துவிட்டான். “தொடாதே” என்று சொன்னதற்கும் காரணம் உண்டு: அவள் தொட்டிருந்தால் அவளுடைய கணக்கே அவள் கையில் திறந்து, குட்டு உடைந்திருக்கும்.

இப்போது இரண்டாவது ஆள். வேறொரு தளத்தில் தங்கை உதவி கேட்டு எழுதினாள். அதன் கீழே வரிசையாகப் பதில்கள்: “எனக்கு இவர்தான் மீட்டுத் தந்தார், இவரைத் தொடர்பு கொள்ளுங்கள்.” எல்லாவற்றிலும் ஒரே பெயர், கிட்டத்தட்ட ஒரே வாக்கியம். பேசியபோது அவர் நிதானமாக, மரியாதையாகப் பேசினார். “பயப்படாதீங்க மேடம், தினமும் பண்ற வேலைதான்” என்று சொல்லி முன்பணம் வாங்கிக்கொண்டார். அடுத்து, “உங்களை உறுதிப்படுத்த மூணு நண்பர்கள் வேணும். அவங்க பயனர்பெயரைக் கொடுங்க. அவங்களுக்கு ஒரு கோடு வரும், அதை வாங்கி எனக்கு அனுப்புங்க” என்றார்.

இந்தப் பொய் எடுபடக் காரணம், இது ஒரு காலத்தில் உண்மையாக இருந்ததுதான். பேஸ்புக்கில் 2013 முதல் நம்பகமான தொடர்புகள் என்ற வசதி இருந்தது. மூன்று முதல் ஐந்து நண்பர்களை முன்கூட்டியே குறித்து வைக்கலாம். கணக்கு பூட்டிக்கொண்டால் அவர்களிடம் கோடு வாங்கிப் போட்டு உள்ளே வரலாம். 2022இல் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு இறுதியில் இன்ஸ்டாகிராமில் எல்லோருக்கும் வந்தது வேறு முறை. நீங்கள் இரண்டு நண்பர்களைத் தேர்ந்தெடுப்பீர்கள். கோரிக்கை அவர்களுக்குச் செயலிக்குள்ளேயே போகும், 24 மணி நேரத்துக்குள் அவர்கள் ஆம், இல்லை என்று பதில் சொல்ல வேண்டும். அதில் யாரும் யாருக்கும் கோடு அனுப்புவதே இல்லை. அதனால் கோடு வாங்கித் தா, ஸ்க்ரீன்ஷாட் அனுப்பு என்று யார் கேட்டாலும், அது அனுப்புகிறவரின் சொந்தக் கணக்கின் சாவி. தங்கை கேட்டதற்காக அனுப்பிய ஒரு தோழியின் கணக்கு அன்றே போனது. மற்ற இருவர், வந்த செய்தியில் “உங்கள் கணக்கு” என்று இருப்பதைக் கவனித்து நிறுத்திக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகும் அந்த ஆள் விடவில்லை. “சர்வர் ஏத்துக்கல மேடம், வீடியோ சரிபார்ப்புதான் ஒரே வழி. நேரா பாருங்க, இடது, வலது, மேலே தலையைத் திருப்பி ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்க.” இதை அவள் அனுப்பிய பிறகுதான் விஷயம் என் காதுக்கு வந்தது. மீட்புக்கு இன்ஸ்டாகிராம் கேட்கும் அதே அசைவுகள் இவை. அந்த ஒரு கோப்பை வைத்து அவளாக நடித்து மீட்புக்கு விண்ணப்பிக்கப் பார்க்கலாம், அவள் பெயரில் வேறு கணக்கும் தொடங்கப் பார்க்கலாம். உண்மையான சரிபார்ப்பில் வீடியோ தளத்தின் திரையிலேயே பதிவாகி அங்கேயே போய்ச் சேரும். சுயவிவரத்தில் தெரியாது, 30 நாளுக்குள் அழித்துவிடுவோம் என்பது அவர்கள் சொல்லும் விதி. இந்த ஆளிடம் போன வீடியோவுக்கு அப்படி எந்தக் கெடுவும் கிடையாது. வீடியோ கிடைத்ததும் “கடைசிக் கட்டணம்” என்று இன்னொரு தொகை கேட்டார். அதை நாங்கள் கொடுக்கவில்லை.

கணக்கு திரும்பியது காசு செலவில்லாத வழியில். மெயில் மாற்றப்பட்டபோதே security@mail.instagram.com என்ற முகவரியிலிருந்து தங்கைக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. மாற்றத்தைத் திருப்புவதற்கான இணைப்பு அதில் இருக்கும்; முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். ஆனால் கடவுச்சொல்லும் மாறிவிட்டால் அது மட்டும் போதாமல் போகலாம். எங்களுக்கும் போதவில்லை. பிறகு instagram.com/hacked என்ற பக்கத்துக்குப் போனோம். தங்கை எப்போதும் பயன்படுத்தும் அதே போன், அதே வீட்டு வைஃபை. பயனர்பெயரைக் கொடுத்து, கணக்கு பறிபோனது என்பதைத் தேர்ந்தெடுத்து, பழைய மெயிலும் எண்ணும் கைவசம் இல்லை என்று சொல்லி, திருடனுக்குத் தெரியாத புதிய மெயில் ஒன்றைக் கொடுத்தோம். கணக்கில் உங்கள் முகம் உள்ள படங்கள் உண்டா என்று கேட்டது. உண்டு என்றதும் வீடியோ செல்ஃபி திரை வந்தது.

முதலில் அனுப்பியது தேறவில்லை. ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்ததால் முகம் இருட்டாக விழுந்திருந்தது. காரணம் அதுவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். மறுபடி அனுப்பத் தடையில்லை. வெளிச்சத்தைப் பார்த்து உட்கார்ந்து, படங்களில் இருப்பதுபோலவே கண்ணாடி போடாமல் எடுத்தபோது புதிய மெயிலுக்கு இணைப்பு வந்தது.

உள்ளே போனதும் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு ஓய்ந்துவிடாதீர்கள். இரண்டடுக்குப் பாதுகாப்பில் அவனுடைய செயலி இன்னும் இணைந்திருந்தது. அதை நீக்கி, புதிய காப்புக் கோடுகளை எடுத்து வைத்தோம். உள்நுழைந்திருந்த சாதனங்களில் தெரியாதவற்றை வெளியேற்றினோம். பலர் பார்க்காத இடம் அக்கவுண்ட்ஸ் சென்டர். அங்கே முன்பின் தெரியாத ஒரு கணக்கு தங்கையுடையதோடு இணைக்கப்பட்டிருந்தது. அதை விட்டுவைத்திருந்தால் திரும்ப உள்ளே வர அவனுக்கு அதுவே வாசல்.

கோடு அனுப்பிய அந்தத் தோழியின் கணக்கு இன்னும் வரவில்லை. அவள் போட்டதெல்லாம் செடிகளின் படங்கள், முகம் ஒன்றில்கூட இல்லை. அதனால் வீடியோ வழி அவளுக்குத் திறக்கவில்லை. பதிவு செய்தபோது கொடுத்த மெயில் எது, எந்த வகைப் போனில் தொடங்கினாள் என்று கேட்கும் வழியில் போய்க்கொண்டிருக்கிறாள். இதற்கிடையில் அவள் பெயரில் எல்லோருக்கும் செய்தி போகிறது: “என் அக்கவுண்ட் லாக் ஆயிடுச்சு, ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பு.” தெரிந்தவர்கள் பதில் சொல்லாமல், அந்தக் கணக்கு பறிபோனது என்று தளத்தில் புகார் செய்கிறார்கள்.