ஷார்ட்ஸில் ஆதார வரி: ஒன்றரை வருட அனுபவம்

செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி யூடியூபில் ஒரு நிமிட ஷார்ட்ஸ் போட்டு வருகிறேன். “செட்டிநாடு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலம்” என்று ஒன்றில் அடித்துச் சொல்லிவிட்டேன். கானாடுகாத்தானில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் போன் பண்ணி, “தம்பி, அது எங்கே போட்டிருக்கு?” என்று கேட்டார். தேடினால், 2014-இல் தற்காலிகப் பட்டியலில்தான் சேர்ந்திருக்கிறது. பிறகு முன்மொழியலாம் என்று ஒரு நாடு எடுத்துக் கொடுக்கும் பட்டியல் அது. தலமாக அறிவிப்பது வேறு. அந்த வீடியோவை நீக்கிவிட்டு மறுபடி எடுத்தேன். அன்றிலிருந்து ஆதாரம் இல்லாமல் எதுவும் போடுவதில்லை.

முதலில் எல்லா ஆதாரத்தையும் கடைசி இரண்டு நொடியில் ஒரே அட்டையாக வைத்தேன். அதுவரை யாரும் இருப்பதில்லை, தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்கள். அப்புறம் திரையின் அடியில் வைத்தேன். சேனல் பெயரும் தலைப்பும் அதன்மேல் வந்து உட்கார்ந்துகொண்டன. வலது ஓரத்தை லைக், கமெண்ட் பட்டன்கள் பிடித்துக்கொள்கின்றன.

இப்போது தகவலைச் சொல்லும் அதே நொடியில், மேலே இடப்பக்கம் ஒரே ஒரு வரி. 1080 அகலத் திரையில் வசன எழுத்து 64 என்றால் இது 38. அதற்குக் கீழே போனால் தமிழில் புள்ளியும் கொம்பும் கலங்கி, “ன்”னும் “ன”வும் ஒன்றாகத் தெரிகின்றன. பின்னால் மங்கலான கறுப்புப் பட்டை, நான்கு நொடி. யுனெஸ்கோ வீடியோவில் இருப்பது இவ்வளவுதான்:

```
[1] யுனெஸ்கோ தற்காலிகப் பட்டியல், 2014
```

விளக்கப் பகுதியில் அதே [1]-க்கு நேராக முழு விவரம். 2023 ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஷார்ட்ஸ் விளக்கத்திலும் கமெண்டிலும் இணைப்பைத் தொட்டால் திறப்பதில்லை. அதனால் முகவரியை மட்டும் ஒட்டினால் பயனில்லை. தேடினால் வரும் பெயரை அப்படியே எழுதுகிறேன்: Chettinad, Village Clusters of the Tamil Merchants. நூல் என்றால் பக்க எண்ணும் உண்டு, இல்லாவிட்டால் சரிபார்க்க வருபவர் முழுப் புத்தகத்தையும் புரட்ட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் திரையில் ஆதார வரி போடுவதில்லை. ஆண்டு, எண்ணிக்கை, “முதல்”, “மிகப் பெரிய” போன்ற சொற்கள் வரும் இடங்களுக்கு மட்டும். ஒரு வீடியோவில் மூன்றுக்கு மேல் வந்தால் தகவலைக் குறைத்துவிடுகிறேன்.

எனக்கு அதிகம் யோசனை தந்தது வாய்மொழிச் செய்திதான். சுவர்ப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்தார்கள் என்று பல வீடுகளில் சொல்வார்கள். அதை நூல் ஆதாரம்போலக் காட்ட மனசு வரவில்லை. “வாய்மொழி: வீட்டு ஆச்சி, கானாடுகாத்தான்” என்று போட்டேன். ஆச்சியிடம் முன்பே அனுமதி கேட்டேன். “பேரு வேணாம்ப்பா, ஊரைப் போடு” என்றார். அந்த வீடியோவின் கீழேதான், தங்கள் வீட்டில் கடுக்காய் ஊறவைத்த தண்ணீர் சேர்த்ததாகக் கேட்டிருக்கிறோம் என்று இரண்டு பேர் ஊர்ப்பெயரோடு எழுதினார்கள். அவர்களிடம் பேசியதும் [2] என்று விளக்கத்தில் சேர்த்துவிட்டேன்.