பில்லில் 'எஸ்.சி.' என்று போட்டிருந்தால் பணம் கட்டும் முன் நிறுத்திப் படியுங்கள்

போன ஞாயிறு ராத்திரி வீட்டோடு ஒரு சின்ன ரெஸ்டாரண்டுக்குப் போனோம், பத்துப் பன்னிரண்டு மேஜைதான் இருக்கும். சாப்பாடு நன்றாகவே இருந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். பில் 1,432 ரூபாய். கியூஆர் ஸ்கேன் பண்ணிக் கட்டிவிட்டு, பரிமாறிய தம்பிக்குத் தனியாக 50 ரூபாய் வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து பில்லைப் பார்த்தால் சாப்பாட்டுக்கு மட்டும் 1,240. அதன் கீழே 'எஸ்.சி. 10%' என்று 124 ரூபாய், ஜிஎஸ்டி வரிகளுக்கு ஒட்டினாற்போல், அதே பொடி எழுத்தில். அவசரத்தில் பார்க்கிற யாரும் அதையும் ஏதோ வரி என்றுதான் நினைப்பார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருக்கிறேன். எஸ்.சி. என்றால் சர்வீஸ் சார்ஜ். மெனு கார்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

இன்னொன்று, 1,240க்கு 5% ஜிஎஸ்டி என்றால் 62 ரூபாய்தான் வர வேண்டும், பில்லில் 68.20 இருந்தது. அதாவது சர்வீஸ் சார்ஜைச் சேர்த்து 1,364 ஆக்கி, அந்தத் தொகைக்கு வரி போட்டிருக்கிறார்கள். 1,302க்கு முடிய வேண்டிய பில் 130 ரூபாய் ஏறிவிட்டது.

மறுநாள் பில்லோடு போனேன். "சிஸ்டத்துல தானா வந்துடும் சார், ஸ்டாஃபுக்குத்தான் போகுது" என்றார் கல்லாவில் இருந்தவர். தானாக வருவதுதானே தப்பே! மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது: சர்வீஸ் சார்ஜைப் பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது, விருப்பப்பட்டால் கொடுக்கலாம் என்பதை வாடிக்கையாளரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும், அதைச் சேர்த்துக் கூட்டி ஜிஎஸ்டியும் போடக் கூடாது. ஹோட்டல் சங்கங்கள் இதை எதிர்த்து வழக்குப் போட்டு, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் தோற்றும் போயின. இதைச் சொல்லி, 1915க்கு (தேசிய நுகர்வோர் உதவி எண்) போன் போடட்டுமா என்று கேட்டதும் 124 ரூபாயை எடுத்து நீட்டினார். அதன்மேல் போட்ட வரி 6.20 எங்கே என்றதற்கு முறைத்துக்கொண்டே பத்து ரூபாய்த் தாள் ஒன்றைத் தள்ளினார், மிச்சத்தை நான் திருப்பிக் கொடுத்தேன்.

நான் செய்த தப்பு, முதலில் கட்டிவிட்டு அப்புறம் படித்தது. மேஜையில் இருக்கும்போதே "இதை எடுத்துட்டு வேற பில் போடுங்க" என்று கேட்டிருக்கலாம். புது பில்லில் சர்வீஸ் சார்ஜ் போனால் மட்டும் போதாது, ஜிஎஸ்டியும் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வெளியே வரும்போது அந்தத் தம்பி வாசலில் நின்றிருந்தான். சர்வீஸ் சார்ஜில் உனக்கு எவ்வளவுப்பா வரும் என்று கேட்டேன். "அப்படி ஒண்ணு இருக்கா அண்ணே?" என்றான்.