தூக்கத்தில் அலறும் பிள்ளை: இரவு மிரட்சியா, வலிப்பா?

காரைக்குடிப் பக்கம் பிள்ளை நள்ளிரவில் அலறினால் முதலில் திருநீறு பூசுவார்கள். பூசட்டும், கூடவே கடிகாரத்தையும் பாருங்கள். அது முழுதாக விழிக்காமலே பயந்து அலறும் இரவு மிரட்சியா, வலிப்பா என்று பிரித்தறிய அது உதவும்.

நேரம்: மிரட்சியும் தூக்க நடையும் ஆழ்ந்த தூக்கத்தில் வருபவை. ஒன்பது மணிக்குத் தூங்கிய பிள்ளை பத்தரை வாக்கில் அலறும், பெரும்பாலும் இரவில் ஒரே முறை. வலிப்பு எப்போதும் வரலாம். கண்ணயர்ந்ததும், விடியலிலும், ஒரே இரவில் பலமுறையும் வரும்.

நீளம்: மிரட்சி சில நிமிடங்கள், சிலசமயம் இருபது வரை. தூக்க வலிப்பு பெரும்பாலும் இரண்டு நிமிடத்துக்குள் சட்டென முடியும்.

அசைவு: இதுவே நல்ல துப்பு. மிரட்சியில் ஒருநாள் உட்கார்ந்து அழும், மறுநாள் முற்றம் வரை நடக்கும். வலிப்பில் அதே கை விறைக்கும், தலை அதே பக்கம் திரும்பும், ஒவ்வொரு முறையும் அச்சு மாறாமல். காலையில் நினைவில்லை என்பதை வைத்து முடிவுகட்ட முடியாது, இரண்டிலும் அப்படி இருக்கலாம்.

செல்போனில் தொடக்கத்திலிருந்து முழு உடலும் தெரிய வீடியோ எடுங்கள். நரம்பியல் மருத்துவருக்கு அதுவே பெரிய உதவி. பகலில் எடுத்த, மூளையின் மின் அலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. சோதனை சரியாக இருந்தாலும் வலிப்பில்லை என்றாகாது.

மிரட்சியென்றால் உலுக்கி எழுப்பாதீர்கள். மாடிப்படிக் கதவைப் பூட்டுங்கள். தினமும் ஒரே நேரத்தில் வந்தால், கால்மணி முன்பே மெல்ல எழுப்பிப் படுக்கவைப்பதைச் சில வாரம் செய்யலாம். வலிப்பென்றால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். கையில் சாவி, வாயில் கரண்டி, எதுவும் வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினால் 108.