இரண்டு அறைக்கு இரண்டு ஃபேன்: சாதாரணமா, பிஎல்டிசியா?

"அக்கா, ரெண்டுமே பிஎல்டிசியா எடுத்துடுங்க, கரண்ட் கம்மியா இழுக்குற மோட்டார். கரண்ட் பில் பாதியாயிடும்."

"பில் முழுக்கவா தம்பி, ஃபேனுக்கு மட்டுமா?"

"ஃபேனுக்குத்தான். சாதாரண ஃபேன் 75 வாட், இது 30 வாட்தான்."

"விலை?"

"அது 1,800. இது 3,200."

"1,400 கூடுது. ஹாலில் தினமும் 10 மணி நேரம் ஓடும். 45 வாட் மிச்சமானால் இரண்டு மாதத்துக்கு 27 யூனிட். யூனிட் 5 ரூபாய் என்றால் 135 ரூபாய். ரெண்டு வருஷத்துக்குள் போட்ட காசு வந்துவிடும். ஹாலுக்கு இதையே கொடுங்க."

"அப்போ மாடி ரூமுக்கும்..."

"அங்கே தினம் ஒரு மணி நேரம் ஓடினாலே அதிகம். காசு திரும்பப் பதினேழு வருஷம் ஆகும்!"

கணக்கு சரிதான். விற்பவர் 75 வாட் என்றது முழு வேகத்துக்கு. எலக்ட்ரானிக் ரெகுலேட்டரில் குறைத்து வைத்தால் சாதாரண ஃபேனும் குறைவாகவே இழுக்கும், மிச்சமும் சுருங்கும். அக்கா விடாமல் கேட்டார்:

"பழைய ரெகுலேட்டரை என்ன செய்ய?"

"கழட்டிடணும்க்கா. இதுக்கு ரிமோட்தான்."

"ரிப்பேர்?"

விற்பவர் இழுத்தார். சாதாரண ஃபேன் மெதுவாகச் சுற்றினால் பெரும்பாலும் கெப்பாசிட்டர்தான். தெரு எலக்ட்ரீஷியனே மாற்றிவிடுவார். பிஎல்டிசியில் உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் போர்டு போனால் கம்பெனி ஆள்தான் வரவேண்டும்.

"போர்டுக்கும் வாரண்டி உண்டுன்னு பில்லில் எழுதிக் கொடுங்க. மாடிக்குச் சாதாரணமே போதும்."

"ரிமோட்டில் லைட்டும் வர்ற மாடல் ஒண்ணு இருக்குக்கா..."