வானத்தில் ஏழு புள்ளிகள்: ஒரு பழைய கல்லச்சுப் படத்தோடு ஒன்பது வருடம்

போன மாதம் பிரேமின் பின்பக்கக் கம்பி அறுந்து, படம் சுவரோடு உரசிக்கொண்டே இறங்கியது. கண்ணாடி உடையவில்லை, ஆனால் மூலை விட்டுப்போனது. அதே வாரம் ஒரு நண்பர் தான் வாங்கப்போகும் படத்தின் போட்டோவை அனுப்பி, "பழுப்புப் புள்ளி நிறைய இருக்கே, அப்ப நிஜமாவே பழசுதானே?" என்று கேட்டார். ஒன்பது வருடத்துக்கு முன்னால் நானும் இதையே நம்பித்தான் ஏமாந்தேன். அதனால் இந்தப் பதிவு.

என்னுடையது ஒரு துறைமுகக் காட்சி. கல்லச்சில் (லித்தோகிராஃப்) அச்சடித்து, மேலே கையால் நீர்வண்ணம் தீட்டியது. விற்றவர் "முந்நூறு வருஷப் பழசு" என்று சொல்லி, சாட்சிக்கு வானத்தில் இருந்த ஏழு பழுப்புப் புள்ளிகளைக் காட்டினார். கல்லச்சு முறையே 1790களின் கடைசியில்தான் கண்டுபிடிக்கப்பட்டது என்பது எனக்கு அப்போது தெரியாது. கணக்கு அங்கேயே உடைந்துவிடுகிறது. ஆனால் நான் பார்த்தது புள்ளிகளை மட்டும்தான்.

இந்தப் புள்ளிகளுக்கு ஃபாக்ஸிங் என்று பெயர். காகிதத்தில் சிக்கிய இரும்புத் துகள் துருப்பிடித்தும் வரலாம், பூஞ்சையாலும் வரலாம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். எப்படி வந்தாலும் ஈரப்பதம் வேண்டும். கந்தல் துணியில் செய்த ஐந்நூறு வருடக் காகிதம், உலர்ந்த இடத்தில் இருந்திருந்தால், இன்றும் வெள்ளையாக இருக்கும். நேற்றைய காகிதத்தை ஈரச்சுவரில் சாத்தி வைத்தால் சில வருடங்களிலேயே புள்ளி எழும்பலாம். ஆக, புள்ளி சொல்வது வயதை அல்ல, எங்கே வைத்திருந்தார்கள் என்பதை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒன்பது வருடமும் ஒரு அறுந்த கம்பியும் தேவைப்பட்டன.

பிரேமைத் திறந்தது காகிதப் பாதுகாப்பு வேலை தெரிந்த ஒருவர். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நடுவில் மேலிருந்து கீழாக ஒரு மடிப்புக்கோடு இருந்தது. பிரேமுக்குள் இருந்தபோது அது கண்ணுக்கே படவில்லை. அவர் ஸ்கேலை வைத்து அளந்தார். இடப்பக்கம் மடிப்பிலிருந்து 42 மில்லிமீட்டரில் ஒரு புள்ளி, வலப்பக்கம் 43 மில்லிமீட்டரில், அதே உயரத்தில், இன்னொன்று. இடப்பக்க நான்கில் மூன்றுக்கு வலப்பக்கம் ஜோடி இருந்தது. அப்படியென்றால் படம் முகத்தோடு முகம் மடிந்திருந்தபோதே இந்த மூன்று ஜோடிகளும் உருவாகியிருக்கின்றன. ஏதோ ஒரு புத்தகத்தில் மடித்துச் செருகிய படம் இது. அந்தப் புத்தகம் ஈரத்தில் கிடந்திருக்கிறது. பிறகு யாரோ படத்தை வெட்டியெடுத்து பிரேம் போட்டிருக்கிறார்கள். ஒன்பது வருடம் எரிச்சலோடு பார்த்த புள்ளிகள் இப்படிக் கதை சொல்லும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

பிரேமுக்குள் போன காலத்தைச் சொன்னது மஞ்சளிப்புதான். படத்தைச் சுற்றி பிரேமுக்குள் வைக்கும் இப்போதைய மவுண்ட் அட்டையில் படம் தெரிய வெட்டிய ஜன்னலுக்குள்ளே, விளிம்பிலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளி, படத்தைச் சுற்றி ஒரு பழுப்புக் கோடு ஓடுகிறது. முன்பு இதைவிடச் சின்ன ஜன்னல் வெட்டிய ஓர் அட்டை இருந்திருக்கிறது. மட்டமான மரக்கூழ் அட்டையின் வெட்டு விளிம்பிலிருந்து கசிந்த அமிலம் காகிதத்தைச் சுட்டிருக்கிறது. கோட்டுக்கு வெளியே, பழைய அட்டை மூடியிருந்த பகுதியில், வானத்தின் நீலம் இன்னும் அடர்த்தியாக இருக்கிறது. உள்ளே வெளுத்துவிட்டது. ஆக, ரொம்ப காலம் வெளிச்சம் நிறைய விழும் இடத்தில் மாட்டியிருந்திருக்கிறார்கள். மரக்கூழ் காகிதம் கண்டுபிடிக்கப்பட்டதே 1840களில், புழக்கத்துக்கு வந்தது அதற்கும் பின்னால். எனவே அந்த முதல் பிரேம் அதற்குப் பிந்தியது. படத்தின் காகிதம் வேறு வகை. அது இன்னும் துவளுகிறது, ஒடியவில்லை. அது மட்டும் மரக்கூழாக இருந்திருந்தால் முழுவதும் பழுப்பேறி மொறுமொறு என்று ஆகியிருக்கும்.

பின்பக்கம் திருப்பினால் பலகை வரிகளும் ஒரு கணுவும் காகிதத்தில் அப்படியே பதிந்திருந்தன. மரப்பலகையை நேராகப் படத்தின் முதுகில் வைத்து ஆணி அடித்திருக்கிறார்கள். இதற்கு மேல் சொன்னால் திட்டத்தான் வரும்.

கீழ் இடது மூலையில் சாம்பலும் ஊதாவும் கலந்த ஒரு கறை. இது புள்ளி அல்ல, பூஞ்சை படர்ந்த தடம். அவர் ஓர ஓரமாக நுண்ணிய நீர்த்துளி வைத்துப் பார்த்தார். நல்ல இடத்தில் துளி சற்று நேரம் நின்றது, கறையில் வைத்ததும் உறிஞ்சிக்கொண்டது. காகிதம் நீரைச் சட்டென்று உறிஞ்சாமலிருக்கப் போட்ட பசையைப் பூஞ்சை தின்றுவிட்டதால் அந்த மூலை ஒற்றுத்தாள் மாதிரி ஆகிவிட்டது. (இந்தச் சோதனையை வீட்டில் செய்யாதீர்கள். வண்ணம் கரையும்.) அதைச் சுற்றி நீர் ஏறி நின்ற பழுப்பு விளிம்பு. அந்த விளிம்புக்குள் அட்டை சுட்ட கோடு மங்கிக் கரைந்திருக்கிறது. அப்படியானால் தண்ணீர் வந்தது சுட்ட பிறகு, அதாவது பிரேமுக்குள் இருந்த காலத்தில். முதலில் புத்தக ஈரம், அடுத்து அட்டையும் வெளிச்சமும், கடைசியில் கீழிருந்து ஏறிய தண்ணீர் என்று வரிசை கிடைத்துவிட்டது. தொட்டால் பொடி உதிரவில்லை, வாசமும் இல்லை, அதனால் பூஞ்சை இப்போது உறங்குகிறது. காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் மறுபடி எழுந்துகொள்ளும்.

சரி, அந்த ஏழு புள்ளிகளையும் எடுத்துவிடுங்கள் என்றேன். மறுத்துவிட்டார். கோபம் வந்தது. பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்து இரண்டு புள்ளிகளைக் காட்டினார். அவற்றைச் சுற்றி நாணய அளவுக்கு நீலமே இல்லை, வெள்ளை வட்டம். நடுவில் பழுப்பு. முன்னொரு காலத்தில் யாரோ வெளுப்பு மருந்து வைத்திருக்கிறார்கள். வண்ணம் போய்விட்டது, புள்ளி திரும்பி வந்துவிட்டது. "இன்னொரு முறை வேணுமா?" என்று கேட்டார். பதில் இல்லை. நியாயம் அவர் பக்கம், எரிச்சல் என் பக்கம்.

நண்பரின் கேள்விக்கு வருகிறேன். அவர் அனுப்பிய போட்டோவில் புள்ளிகள் ஏறக்குறைய ஒரே அளவில் தெளித்தாற்போல இருந்தன. பின்பக்கப் போட்டோவும் கேட்டு வாங்கினேன், அங்கே ஒன்றும் தெரியவில்லை. ஓரத்துக் கிழிசலின் நார்கள் மட்டும் தேநீர் நிறத்தில் ஊறியிருந்தன. கிழிந்த பிறகு சாயத்தில் நனைத்ததாகத்தான் எனக்குத் தோன்றியது. போட்டோவை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. எடுக்காதீர்கள் என்று மட்டும் சொன்னேன்.

என் படத்துக்கு இப்போது பருத்தி அட்டை, கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் நடுவே இடைவெளி, பின்னால் பலகை இல்லை. மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டு. யாருக்கும் வாங்கச் சொல்ல மாட்டேன். விற்கிறாயா என்று அந்த நண்பர் கேட்டபோது சட்டென்று இல்லை என்றேன். நேற்று இரவு விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதா டார்ச்சை அடித்துப் பார்த்தேன். வானத்தில், வெறுங்கண்ணுக்குத் தெரியாத இடத்தில், வெளிறிய ஒளியோடு இன்னும் நாலைந்து.