ஓசூரில் மூன்று நாளில் பிளாக் பெல்ட்: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் தர்மபுரிப் பையன் ஒருவர், மூன்று நாள் வகுப்புக்குப் பணம் கட்டி, உற்பத்தியில் குறைகளைக் குறைக்கும் முறையான சிக்ஸ் சிக்மாவில் பிளாக் பெல்ட் சான்றிதழ் வாங்கினார். அடுத்த கம்பெனி நேர்காணலில் கேட்ட முதல் கேள்வி, "என்ன புராஜெக்ட் பண்ணீங்க?" அவரிடம் இருந்தது பயிற்சி மையமே தயாரித்துக் கொடுத்த ஒரு கோப்பு. அதே கோப்பு அந்த வகுப்பில் இருந்த எல்லோரிடமும் இருந்தது.

இந்தச் சான்றிதழை உலகம் முழுக்க ஒரே அமைப்பு கொடுப்பதில்லை. யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்பதால்தான் ஏமாற்று நடக்கிறது. அமெரிக்கத் தர அமைப்பான ஏஎஸ்க்யூவில் தொடக்க நிலையான யெல்லோ பெல்ட்டுக்கு அனுபவமும் வேண்டாம், புராஜெக்ட்டும் வேண்டாம். அடுத்த நிலையான கிரீன் பெல்ட்டுக்குப் புராஜெக்ட் கேட்பதில்லை, ஆனால் அந்தத் துறையில் 3 ஆண்டு வேலை அனுபவம் வேண்டும். கடைசி வருட மாணவருக்கு "ஏஎஸ்க்யூ கிரீன் பெல்ட் வாங்கித் தருகிறோம்" என்றால் அது பொய். பிளாக் பெல்ட்டுக்கு முடித்த புராஜெக்ட் 2, அல்லது 1 புராஜெக்ட்டுடன் 3 ஆண்டு அனுபவம். புராஜெக்ட்டுக்குக் கையொப்பமிட்ட உறுதிமொழிப் பத்திரமும் உண்டு. சான்றிதழ் தரும் இன்னொரு அமைப்பான ஐஏஎஸ்எஸ்சி, பிளாக் பெல்ட்டுக்கும் தேர்வு மட்டுமே வைக்கிறது. அது மோசடி அல்ல. ஆனால் அந்தச் சான்றிதழ் நீங்கள் பாடம் படித்ததைச் சொல்லும், லைனில் எதையாவது சரிசெய்ததைச் சொல்லாது.

அந்தக் கோப்புக்கு வருவோம். போர், அதாவது துளையின் விட்டம் தவறிய பாகங்கள்: முன்பு 50ல் 4, பின்பு 50ல் 1. "8 சதவீதம் 2 சதவீதமாகக் குறைந்தது" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். மொத்தமே 5 குறைதான். மெஷினில் எதையும் தொடாமல் விட்டாலும், அந்த ஐந்தில் நாலோ ஐந்தோ முதல் ஐம்பதிலேயே விழுவதற்கு 100க்கு 18 தடவை வாய்ப்பு உண்டு. இதை வைத்து முன்னேற்றம் என்று சொல்லவே முடியாது. நல்ல மேனேஜர் ஒரு நிமிடத்தில் இதைப் பிடித்துவிடுவார்.

அதைவிடப் பெரிய ஓட்டை, அளக்கும் கருவியான கேஜை யாரும் சோதிக்கவில்லை. 10 பாகங்களை 3 ஆபரேட்டர்கள், எது எந்தப் பாகம் என்று தெரியாமல், தலா இரண்டு மூன்று முறை அளந்து பார்த்திருக்க வேண்டும். ஆளுக்கு ஆள் அளவு மாறினால், நல்ல பாகமே ரிஜெக்ட்டில் போயிருக்கும். வெட்டும் டூலின் அளவுத் திருத்தமான டூல் ஆஃப்செட்டை எத்தனை பாகத்துக்கு ஒருமுறை பார்ப்பது, அளவு நகர்ந்தால் யார் என்ன செய்வது என்ற கண்ட்ரோல் பிளான் பக்கமும் அதில் இல்லை. உண்மையில் வேலை பார்த்தவர் அந்தப் பக்கத்தை விடமாட்டார், ஏனென்றால் அது இல்லாவிட்டால் பழைய ரிஜெக்ட் திரும்பிவிடும்.

பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: தேர்வை நடத்துவது யார், சான்றிதழில் யார் பெயர் வரும், புராஜெக்ட் தரவு என் சொந்த லைனில் இருந்தா? மூன்றாவதுக்கு "நாங்களே கொடுத்துவிடுவோம் தம்பி" என்று பதில் வந்தால், வெளியே வந்துவிடுங்கள்.