சுங்கை சிப்புட்டில் அம்மாவின் அடகுச் சீட்டு

மெல்பர்னிலிருந்து இந்த முறை மூன்று வாரம்தான் லீவு. மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் இறங்கிய மறுநாளே அம்மா ஒரு மைலோ டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே ரப்பர் தோட்டத்துக் காலத்துச் சம்பளச் சீட்டுகள், அப்பாவின் பழைய ஐசி அடையாள அட்டை, அவற்றுக்கடியில் நாலாக மடித்த ஓர் அடகுச் சீட்டு. ஜனவரி 12-ஆம் தேதி ஒரு சங்கிலியையும் இரண்டு வளையலையும் சேர்த்து வைத்து 4,000 ரிங்கிட் வாங்கியிருக்கிறார். “தம்பி ஐந்நூறு கட்டிட்டான். இன்னும் மூவாயிரத்து ஐந்நூறுதான். ஜூலை 12-க்குள்ள மீட்டுடணும்” என்றார். காலண்டரில் அந்தத் தேதியைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தார்.

அந்த வாக்கியத்தில் தொகையும் தப்பு, தேதியும் தப்பு என்று மறுநாள் கடைக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

கடை பெரிய சாலையில், இரும்புக் கம்பிக்குப் பின்னால் முதலாளி தவுக்கே உட்கார்ந்திருக்கும் பழைய மாதிரிதான். ஆனால் கணக்கு இப்போது கணினியில். கவுண்டரில் இருந்த தமிழ்ப் பெண்ணிடம், “இதோட கணக்கை ஒரு தாளில் எடுத்துத் தர முடியுமா?” என்று கேட்டேன். “இது பழைய சீட்டுண்ணே, இது செத்துப்போச்சு” என்று சொல்லிவிட்டு ஐசி நம்பரைத் தட்டி ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுத்தார். எல்லாம் மலாயில் இருந்தது: போக்கோ என்றால் அசல், தாரிக் தாமாட் என்றால் தவணை முடியும் நாள், கடைசிப் பத்தி பாக்கி. அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் அம்மாவுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

வட்டியில் புதிர் இல்லை. மலேசியாவில் அடகுக் கடைகள் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடக்கின்றன. மாதம் நூற்றுக்கு இரண்டுக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது. 4,000-க்கு மாதம் 80. மீட்க ஆறு மாதத் தவணை. எனக்குத் தலை சுற்றியது ஏப்ரல் 15 என்ற வரியில்தான். தம்பி 500 கட்டிய நாள் அது. அந்த வரியில் வட்டி 320, அசலுக்கு 180, பாக்கி 3,820 என்று இருந்தது.

“மூணு மாசத்துக்கு 240தானே வரணும்?” என்றேன். அந்தப் பெண் விரல் விட்டு எண்ணினார். ஜனவரி 12 முதல் பிப்ரவரி 12 வரை ஒன்று, மார்ச் 12 வரை இரண்டு, ஏப்ரல் 12 வரை மூன்று. தம்பி வந்தது 15-ஆம் தேதி, அதாவது நாலாவது மாதம் தொடங்கி மூன்று நாள் ஆகிவிட்டது. அந்தக் கடையில் தொடங்கிய மாதம் முழு மாதம். மூன்று நாளுக்கு 80 ரிங்கிட். கட்டிய பணம் முதலில் சேர்ந்த வட்டிக்குத்தான் போகும், மிஞ்சியதுதான் அசலைத் தொடும். 500-இல் 320 போனது போக 180. 12-ஆம் தேதிக்குள் அதே 500-ஐக் கட்டியிருந்தால் 260 அசலுக்குப் போய், பாக்கி 3,740 ஆகியிருக்கும்.

என் மனைவி திருச்சிக்காரி. போனில் கேட்டுவிட்டு, “எங்க பேங்க் நகைக்கடனில் நாள் கணக்குதானே?” என்றாள். அங்கேயும் பணம் முதலில் வட்டிக்குத்தான் போகும், ஆனால் மூன்று நாள் தாமதித்தால் மூன்று நாள் வட்டிதான். அந்தப் பழக்கத்தோடு இந்தச் சீட்டைப் படித்தால் கை சுடும்.

இன்னொன்றை நானே தாளை உற்றுப் பார்த்துக் கண்டுபிடித்தேன். இங்கே பகுதிப் பணம் கட்டுவதென்றால் பழைய சீட்டை முடித்துக் குறைந்த அசலுக்குப் புதுச் சீட்டு போடுவது என்று அர்த்தம். புதுச் சீட்டின் தேதி ஏப்ரல் 15. மாதக் கணக்கும் அன்றிலிருந்தே புதிதாகத் தொடங்குகிறது. ஆனால் மே 12 வரைக்குமான வட்டியைத்தான் தம்பி ஏற்கெனவே கட்டிவிட்டானே! ஆக ஏப்ரல் 15 முதல் மே 12 வரை 27 நாளுக்கு இரண்டு முறை வட்டி. இதில் கடை ஏமாற்றவில்லை, தாளில் எல்லாமே இருக்கிறது. நாம்தான் பாக்கி என்ற பத்தியை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறோம்.

தேதிக் குழப்பமும் இதே காரணத்தால்தான். புதுச் சீட்டுக்கு ஏப்ரல் 15-இலிருந்து ஆறு மாதம், ஆக அக்டோபர் 15. ஜூலை 12 என்பது செத்த சீட்டின் தேதி. அம்மா தேவையில்லாமல் பயந்துகொண்டிருந்தார், அவ்வளவுதான். தம்பி பணம் கட்டாமலே கட்டியதாகச் சொல்லியிருந்தால் கதை வேறு. தேதி தாண்டினால் நகை லேலோங்குக்கு, அதாவது ஏலத்துக்குப் போகும். அதனால் கட்டினாயா என்று கேட்பதை விட, புதுச் சீட்டு எங்கே என்று கேட்பதே சரி. அது அவன் மோட்டார் சைக்கிள் இருக்கைக்கடியில், ரோட் டேக்ஸ் தாளோடு கிடந்தது.

அவன் ஒரு யோசனை வைத்திருந்தான்: மாசாமாசம் நூறு ரிங்கிட் கட்டுவது. 3,820-க்கு மாத வட்டி 76.40. நூறில் அசலுக்குப் போவது 23.60தான். ஒரு நாள் தவறினால் இரண்டு மாத வட்டி 152.80, அவன் நூறு வட்டிக்கே காணாது. வட்டிக்குக்கூட வராத தொகைக்குச் சீட்டு மாற்ற மாட்டோம் என்று அந்தப் பெண்ணும் சொல்லிவிட்டார்.

பக்கத்து வீட்டு அக்கா அர்-ரஹ்னு என்ற இஸ்லாமிய அடகு முறையில் நகை வைத்திருக்கிறார். அவர் சீட்டையும் பார்த்தேன். அங்கே வட்டி இல்லை, பாதுகாப்புக் கூலி. ஆனால் அவருடைய சீட்டில் அந்தக் கூலி நகையின் மதிப்பை வைத்துப் போட்டிருந்தது, வாங்கிய கடனை வைத்து இல்லை. அப்படியானால் அசலில் கொஞ்சம் கட்டினாலும் மாதக் கூலி குறையாது. ஒரு நகையை வெளியே எடுத்தால்தான் குறையும். இரண்டு கணக்கையும் ஒரே மாதிரி படிக்கக் கூடாது.

எங்களுக்கும் நகையை எடுப்பதுதான் வழி என்று பட்டது. சிக்கல் என்னவென்றால் சங்கிலியும் வளையலும் ஒரே சீட்டில். ஒன்றை மட்டும் கேட்டால் தர மாட்டார்கள். முழுவதையும் மீட்டு, மிச்சத்தைத் திரும்ப வைக்க வேண்டும். ஜூன் 14-ஆம் தேதி காலையிலேயே போனோம், மறுநாளோடு இரண்டாவது மாதம் முடிகிறது என்பதால். 3,820-உம் வட்டி 152.80-உம் சேர்த்து 3,972.80. தவுக்கே வளையலை மட்டும் எடை போட்டு, உரசிப் பார்த்தார். பொன் விலை ஏறியிருந்ததால் அதன் மேலேயே 2,000 கொடுக்கத் தயாராக இருந்தார். இரண்டையும் கழித்தால் என் கையிலிருந்து போனது 1,972.80. 15-ஆம் தேதியைத் தாண்டியிருந்தால் இன்னொரு 76.40.

சங்கிலி அங்கேயே அம்மாவின் கழுத்துக்குப் போனது. புதுச் சீட்டில் வளையல் மட்டும், மாதம் 40, டிசம்பர் 14. காலண்டரில் அந்தத் தேதியை வட்டம் போட்டு, பக்கத்தில் ‘எல்லா மாதமும் 14-க்கு முன்னால்’ என்று எழுதினேன். அம்மா பேனாவை வாங்கி ‘முன்னால்’ என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டார்.